கான்கிரீட் இறுகும் ஆறு நாள்

அகதா அந்தோணிமுத்துவுக்கு நாற்பத்தெட்டு வயது. மலேசியாவில் ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில் ஒரு கட்டுமானக் குத்தகை நிறுவனத்தில் வேலைத் திட்டம் போடுபவர். எந்த வேலை எந்த நாளில் தொடங்க வேண்டும், எது முடிந்தால் எதைத் தொடலாம் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது அவர் பொறுப்பு. பத்தொன்பதாம் வயதில் அதே நிறுவனத்தில் சிமெண்டு மூட்டை எண்ணிக் கையெழுத்துப் போடும் கிராணியாகச் சேர்ந்தவர். பத்து காஜா என்ற ஊருக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவர் பள்ளிக்கூடம் முடித்த ஆண்டில்தான் அங்கே ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். அப்பா பட்டணத்துக்குக் காவலாளி வேலைக்கு வந்தார், அகதாவும் கூடவே வந்துவிட்டார்.

டிப்ளோமா படித்தது முப்பத்தைந்து வயதில். வாரம் முழுவதும் வேலை, சனி ஞாயிறு வகுப்பு என்று மூன்று வருடம். முடித்த பிறகு, தான் படித்ததைப் போன்ற ஒரு தொழிற்பயிற்சி நிலையத்திலேயே சனிக்கிழமைகளில் வேலைத் திட்டமிடல் பாடம் நடத்தச் சேர்ந்தார். மாணவர்கள் எல்லாரும் வேலை செய்கிறவர்கள். கையில் கிரீஸ் வாடையோடு வருவார்கள், பாதி வகுப்பில் தொலைபேசி அடித்தால் வெளியே ஓடுவார்கள். அகதாவுக்கு அவர்களைப் பிடித்திருந்தது. கணக்கு சரியாக வந்துவிட்டால் மேசையைத் தட்டி, "கெனா லா! அதான்!" என்று கத்துவார். பக்கத்து அறையில் கணினி வகுப்பு நடத்துபவர் எட்டிப் பார்ப்பார்.

இந்தக் கதை நடந்தது போன வருடம், ஒரு சனிக்கிழமை மத்தியானம்.

பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்தாயிற்று. அன்று மாணவர்கள் வந்து தங்கள் தாளைப் பார்க்கும் நாள். மாலை நான்கு மணிக்குள் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு தலைமை அலுவலகம் கதவை மூடிவிடும். மாற்ற வேண்டுமென்றால் கடிதம், குழு, இரண்டு மாதம்.

ஒன்றரை மணிக்குத் தேவன் வந்தார். ஐம்பத்தொரு வயது. பீடோர் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பழுதுபார்க்கும் ஃபிட்டர். இருபத்தாறு வருட அனுபவம். ஆலையில் பராமரிப்புத் திட்டம் போடும் உதவியாளர் பதவி ஒன்று காலியாகியிருந்தது. வேலை தெரிந்தவர்தான், ஆனால் இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் மனுவை எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மனுவுக்குக் கடைசி நாள் மாத முடிவு. தேர்ச்சிக்கு ஐம்பது மதிப்பெண் வேண்டும். அவர் தாளில் நாற்பத்து மூன்று.

தேவன் சத்தம் போடவில்லை. தாளை மேசையில் விரித்து, ஐந்தாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"டீச்சர், இதுல இருபதுக்கு ஏழு போட்டிருக்கீங்க. நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த தடவ சரியா எழுதிக்கிறேன்."

அகதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கேள்வி அவரே எழுதியது. ஒரு பழைய மண்டபத்தின் கூரையை மாற்ற வேண்டும். எட்டு வேலைகள். பழைய கூரையைக் கழற்ற நான்கு நாள். கழற்றிய பிறகு சுவரின் தலையில் சுற்றிலும் கான்கிரீட் போட மூன்று நாள். அது இறுக ஆறு நாள். இதற்கிடையில், முதல் நாளிலிருந்தே பட்டறையில் இரும்புச் சட்டம் தயாராகும். அதற்குப் பதினொரு நாள். சட்டமும் தயாராகி, கான்கிரீட்டும் இறுகிய பிறகு சட்டத்தை ஏற்ற நான்கு நாள். அதன்மேல் தகடு அடிக்க ஐந்து நாள். இன்னொரு பக்கம், கான்கிரீட் போட்டு முடிந்ததுமே சுவரில் மின்குழாய் பதிக்கலாம். அதற்கு ஐந்து நாள். தகடும் குழாயும் முடிந்தால் கடைசியாக சீலிங்கும் விளக்கும், நான்கு நாள். மொத்தம் எத்தனை நாள் ஆகும்? எந்த வேலைகள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாத கிரிட்டிகல் பாதையில் இருக்கின்றன? மற்ற வேலைகளுக்கு எத்தனை நாள் ஃப்ளோட், அதாவது முழு வேலையைக் கெடுக்காமல் எத்தனை நாள் தாமதிக்கலாம்?

"அண்ணே, விடை இருபத்துநாலு நாள். நீங்க இருபத்தாறுன்னு போட்டிருக்கீங்க," என்றார் அகதா. "கிரிட்டிகல் பாத், இரும்புச் சட்டம் வழியா போகணும். நீங்க கான்கிரீட் வழியா கொண்டு போயிட்டீங்க. அது தப்பானா ஃப்ளோட்டும் தப்பாயிரும்லா."

தேவன் தலையைச் சொறிந்தார்.

"சரி டீச்சர். ஒண்ணே ஒண்ணு. இருபத்துநாலு நாள்ல முடிக்கணும்னா சட்டத்த என்னைக்கு ஏத்துவீங்க?"

அகதா தான் எழுதி வைத்திருந்த மாதிரி விடைத்தாளைப் பார்த்தார். "பதினோராம் நாள் முடிஞ்சதும்."

"கான்கிரீட் என்னைக்குப் போட்டு முடியுது?"

"ஏழாம் நாள்."

"அப்போ நாலு நாள்தானே ஆச்சு. ஆறு நாள் காயணும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. ஈரக் கான்கிரீட் மேல எப்படி டீச்சர் இரும்ப ஏத்துவீங்க?"

அகதா தன் விடைத்தாளை மறுபடி இழுத்து வைத்தார்.

விடைத்தாளில் முதல் பக்கம் படம். எட்டு கட்டங்கள், அம்புகள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. 'கான்கிரீட் இறுகல்' என்ற கட்டமும் இருந்தது. இரண்டாம் பக்கம் கணக்கு அட்டவணை. கூரை கழற்றல், சட்டம் தயாரித்தல், கான்கிரீட் போடுதல், சட்டம் ஏற்றுதல்... அகதா விரலால் வரிசைகளை எண்ணினார். ஏழு. திரும்ப எண்ணினார். ஏழுதான்.

"அலாமாக், அடக் கடவுளே," என்றார் மெதுவாக.

முதல் வேலையிலிருந்து கடைசி வேலை வரை நாட்களைக் கூட்டிக்கொண்டே போகும் ஃபார்வர்ட் பாஸில் ஒரு வேலையை அப்படியே தாண்டிப் போயிருந்தார். கான்கிரீட் ஏழாம் நாள் முடிகிறது, சட்டம் பதினோராம் நாள் தயார், இரண்டில் பெரியது பதினொன்று என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டார். கடைசியிலிருந்து திரும்பி வரும் கணக்கையும் அதே ஏழு வரிசையில் போட்டதால், எங்கும் இடிக்கவில்லை. எல்லாம் அழகாகப் பொருந்தியது.

"பொறுங்க அண்ணே, உட்காருங்க. நான் வெள்ளைத்தாள்ல புதுசா போடுறேன். உங்க தாளையும் பாக்கல, என் தாளையும் பாக்கல."

இரண்டையும் கவிழ்த்து வைத்தார். பேனா மூடியைப் பல்லால் கடித்து எடுத்தார்.

முதலில் ஒரு சோதனை செய்தார். இருபத்துநான்கு சரி என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பின்னோக்கி வருவோம். சீலிங் இருபதாம் நாள் முடிவில் தொடங்க வேண்டும். தகடு பதினைந்தில். சட்டம் ஏற்றுவது பதினொன்றில். அப்படியானால் கான்கிரீட் பதினொன்றுக்குள் இறுகியிருக்க வேண்டும், ஆறு நாள் போனால் ஐந்து. போடத் தொடங்குவது இரண்டில். கூரை கழற்றத் தொடங்குவது...

"மைனஸ் ரெண்டு!" அகதா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அண்ணே, வேலைக்கு ஆர்டர் கிடைக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கூரையைக் கழட்டணும்! மைனஸ்ல வந்தா அந்தத் திட்டம் நடக்காது!"

"அதத்தான் டீச்சர் நானும்..."

"இருங்க, இருங்க, முழுசா முடிக்கிறேன்."

இப்போது எட்டு வேலையையும் சேர்த்து முன்னோக்கி. கழற்றல் நான்கில் முடியும். கான்கிரீட் ஏழில். இறுகல் பதின்மூன்றில். சட்டம் தயாரிப்பு பதினொன்றில். இரண்டில் பெரியது பதின்மூன்று. அங்கேதான் எல்லாம் மாறியது. சட்டம் ஏற்றல் பதினேழில் முடியும், தகடு இருபத்திரண்டில். மின்குழாய் பன்னிரண்டிலேயே முடிந்து காத்திருக்கும். சீலிங் இருபத்தாறில்.

பின்னோக்கியும் வந்தார். இந்த முறை தொடக்கம் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நின்றது. கழற்றல், கான்கிரீட் போடுதல், இறுகல், சட்டம் ஏற்றல், தகடு, சீலிங். ஆறுக்கும் ஃப்ளோட் பூஜ்யம். அதுதான் கிரிட்டிகல் பாதை. சட்டம் தயாரிப்புக்கு இரண்டு நாள் ஃப்ளோட். அவருடைய பழைய விடையிலோ தலைகீழ். பட்டறைக்காரன் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, கூரை கழற்றுகிறவன் நான்கு நாள் படுத்துத் தூங்கலாம் என்று இருந்தது.

"கெனா லா!" என்று மேசையைத் தட்டினார். பிறகுதான் யாருக்கு எதிராகத் தட்டுகிறோம் என்பது உறைத்தது. தேவனைப் பார்த்தார். "அண்ணே, நீங்க சரி. நான்தான் தப்பு. மன்னிச்சிருங்க."

தேவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து நின்று, மறுபடியும் உட்கார்ந்தார். "ஐயோ, பரவால்ல டீச்சர். இறுகுறப்ப யாரும் வேல செய்யமாட்டாங்கல்ல, அதான் கண்ணு தாண்டிப் போயிருக்கும். எங்க மில்லுலயும் அப்படித்தான். பாய்லர் ஆறுற ரெண்டு நாள எழுதமாட்டாங்க. அப்புறம் ஏன் லேட்டுன்னு எங்களத் திட்டுவாங்க."

அகதா சிரித்துவிட்டார். ஆனாலும் தேவனின் தாளை எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். நாட்கள் சரி, பாதை சரி. மின்குழாயில் பேனா நின்றது.

"இங்க அஞ்சு நாள் ஃப்ளோட்டுன்னு போட்டிருக்கீங்களே?"

"ஆமா டீச்சர். தகடு பதினேழுல தொடங்குது, குழாய் பன்னிரண்டுல முடியுது. அஞ்சு."

"குழாய்க்கு அடுத்த வேல தகடா?"

தேவன் படத்தைப் பார்த்தார். அம்பு தகட்டைத் தொடாமல் நேராகச் சீலிங்குக்குப் போயிருந்தது. "அட! சீலிங்கு. அது இருபத்திரண்டு. அப்போ... பத்து!"

"பத்து. அதுக்கு ரெண்டு மார்க் போகும் அண்ணே. பின்னோக்கிக் கணக்குல ஒண்ணு, ஃப்ளோட்டுல ஒண்ணு."

"வெட்டுங்க டீச்சர், வெட்டுங்க," என்றார் தேவன். முகம் மலர்ந்திருந்தது. இருபதுக்குப் பதினெட்டு. ஏழு இருந்த இடத்தில் பதினெட்டு வந்ததும் மொத்தம் ஐம்பத்து நான்கு ஆயிற்று. அவர் அந்த எண்ணைக் கைபேசியில் படம் பிடிக்கவில்லை. தாளின் விளிம்பை மட்டும் இரண்டு முறை நீவிவிட்டார்.

மணி இரண்டு பத்து. அப்போதுதான் அகதாவுக்கு அடுத்த எண்ணம் வந்து நெஞ்சில் அடித்தது. தேவன் ஒருவர் மட்டும் இல்லை. பதினான்கு தாள்கள்.

தாள் கட்டை அள்ளிக்கொண்டு ஒருங்கிணைப்பாளர் தர்மேந்திரனின் அறைக்கு ஓடினார். தர்மேந்திரன் முப்பத்தைந்து வயதுக்காரர், எப்போதும் மூன்று வேலையை ஒன்றாகச் செய்கிறவர். விடைத்தாளைச் சரிபார்த்ததாக இரண்டாவது கையெழுத்துப் போட்டிருந்தவரும் அவர்தான்.

"தர்மா, அஞ்சாவது கேள்வி ஆன்சர் கீ தப்பு. என் தப்பு. நீயும் பாக்காம சைன் போட்டுட்ட."

தர்மேந்திரன் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "ஆளுக்கு எவ்வளவு மாறும், அக்கா?"

"திருத்தினாத்தான் தெரியும்."

"நாலு மணிக்கு மூடிருவாங்க."

"அதான் ஓடி வந்தேன்!"

இருவரும் நீண்ட மேசையில் உட்கார்ந்தார்கள். அகதா ஒரு நிபந்தனை போட்டார். தர்மேந்திரன் முதலில் கணக்கைத் தானே முழுதாகப் போட வேண்டும், அகதாவின் புது விடையைப் பார்க்காமல். அவர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். பத்து நிமிடம் கழித்து "இருபத்தாறு" என்று தாளை நீட்டினார். அப்புறம்தான் சிவப்புப் பேனாவை எடுத்தார்கள்.

முதல் தாளைப் பார்த்ததுமே அகதாவுக்கு வெட்கமாக இருந்தது. தேவனைத் தவிர இன்னும் இரண்டு பேர் இருபத்தாறு என்று எழுதியிருந்தார்கள். திருத்தும்போது 'ஒரே தப்பை மூன்று பேர் எப்படிச் செய்தார்கள்' என்று அவர் அலுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அந்த இடத்திலேயே நின்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். அந்த இருவருக்கும் மதிப்பெண் ஏறியது. வேறு விடை எழுதிய ஆறு பேருக்குத் தேர்ச்சி மாறவில்லை.

ஐந்து பேர் இருபத்துநான்கு என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அவர்களும் இறுகும் நாட்களைத் தாண்டியவர்கள். ஒரு இடத்தில் தவறி, அதற்குப் பிறகு கணக்கை ஒழுங்காகக் கொண்டுபோனவர்களுக்கு அந்த ஒழுங்குக்கு உரியதைக் கொடுக்க வேண்டும் என்று விதி. அப்படிப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தும் ஒவ்வொருவருக்கும் எட்டு போயிற்று. அப்படியும் நான்கு பேர் தேர்ச்சியில்தான் இருந்தார்கள்.

ஐந்தாவது தாள் கார்மெனுடையது. கார்மென் முப்பது வயதுப் பெண், இரும்புச் சாமான் கடையொன்றில் கணக்கர். ஈப்போவில் ஒரு நிறுவனத்துக்கு மாறிப் போக ஆசைப்பட்டு இந்தப் படிப்பில் சேர்ந்தவர். இருபது பன்னிரண்டாயிற்று. ஐம்பத்தேழு நாற்பத்தொன்பதாயிற்று.

"ஒரு மார்க்," என்றார் தர்மேந்திரன்.

"தெரியுது."

"அக்கா, ஒரே ஒரு மார்க்குலா. வேற எங்கயாவது போட்டு விட்டுரலாமே. இல்ல, ஏறுனவங்களுக்கு மட்டும் ஏத்திட்டு, எறங்குறவங்கள அப்படியே விட்டுரலாம். தப்பு நம்ம தப்புதானே?"

அதிலும் நியாயம் இருந்தது. கடிகாரம் மூன்று பத்து. அகதா கார்மெனின் தாளை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். ஒவ்வொரு கேள்வியிலும் விட்டுப்போன அரை மதிப்பெண் எங்காவது கிடைக்குமா என்று தேடினார். கூட்டலை மூன்று முறை சரிபார்த்தார். கிடைத்துவிட வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார். கிடைக்கவில்லை. கொடுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஏற்கெனவே கொடுத்திருந்தார்.

"இல்ல தர்மா," என்றார் கடைசியில். "கேள்வி சரியாத்தான் இருந்திச்சு. ஆறு நாள்னு எழுதியிருந்திச்சு. அவ அத விட்டுட்டா. நாளைக்கு நெசமான சைட்ல அதே மாதிரி விட்டா? மேல நிக்கிறவன் யாரு?"

தர்மேந்திரன் பேனாவை மூடினார். "அவகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான். கணினி முன்னாடி அந்தப் பொண்ணு அத மொதல்ல பாக்கக்கூடாது."

அங்கிருந்தே கார்மெனை அழைத்தார். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"கார்மென், அகதா பேசுறேன். ஒரு கெட்ட சேதி. நானே ஒரு தப்பு பண்ணிட்டேன்." நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. விடைத்தாளில் வேலையைத் தவறவிட்டது, தேவன் வந்தது, மைனஸ் இரண்டு, எல்லாம்.

மறுமுனையில், கடையில் யாரோ ஆணி கேட்கும் சத்தம்.

"அப்போ நான் ஃபெயிலா, டீச்சர்?"

"நாப்பத்தொம்பது. ஆறு வாரத்துல மறு தேர்வு இருக்கு. கட்டணத்த நிலையமே பாத்துக்கணும்னு நான் பேசுறேன்." தர்மேந்திரன் தலையை ஆட்டினார். "சனிக்கிழம வகுப்புக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நான் உனக்காக வாரேன்."

கார்மென் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "காலையிலயே தாளப் பாத்துட்டு எங்கம்மாகிட்ட பாஸ்னு சொல்லி கேக் வாங்கிட்டேன் டீச்சர்," என்றார்.

"சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டாச்சு."

"அப்போ கேக்கைத் திருப்பி எடுக்க முடியாது. மார்க்கத்தான் எடுத்துட்டேன்."

கார்மென் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னார். "சரி டீச்சர். வாரேன்," என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மூன்று நாற்பதுக்கு ஏற்றத் தொடங்கினார்கள். தர்மேந்திரன் பெயரைப் படிக்க, அகதா எண்ணைச் சொன்னார். எட்டாவது பெயரில் இணையம் நின்றது. தர்மேந்திரன் கைபேசியைத் திறந்து அதன் இணைப்பில் கணினியை மாட்டினார். மூன்று ஐம்பத்திரண்டு. பதினோராவது, பன்னிரண்டாவது. தேவனின் ஐம்பத்து நான்கை ஏற்றும்போது அகதா எண்ணை மூன்று முறை சொன்னார். கடைசிப் பெயரை அழுத்தும்போது மூன்று ஐம்பத்தேழு. திரையில் பச்சை எழுத்து வந்தது.

"கெனா!" என்று தர்மேந்திரன் கத்தினார். அகதா அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பக்கத்து அறைக் கணினி ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

தேவன் வீட்டுக்குப் போகாமல் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அகதா இறங்கி வந்து, "ஏறிருச்சு அண்ணே," என்றதும் எழுந்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். அகதா இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நன்றி சொன்னார்கள். எதிரில் இருந்த கடையில் கோபி ஓ என்னும் பாலில்லாக் காப்பி குடித்தார்கள். தேவன் முழு நேரமும் பாய்லரைப் பற்றியே பேசினார்.

திங்கட்கிழமை அகதா தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தவறு தன்னுடையது, இன்னது நடந்தது, இப்படித் திருத்தினோம் என்று ஒரு பக்கம். அப்பாவிடமும் சொன்னார். எண்பதைத் தாண்டிய அந்தோணிமுத்து முழுவதையும் கேட்டுவிட்டு, "சம்பளத்த வெட்டுவாங்களா?" என்று மட்டும் கேட்டார். வெட்டவில்லை. இனி எந்த விடைத்தாளையும் இரண்டாமவர் தனியாகக் கணக்குப் போட்டுத்தான் கையெழுத்திட வேண்டும் என்று எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. தர்மேந்திரன் அதை அகதாவின் மேசைமேல் வைத்துவிட்டு, "உங்களால எனக்கு வேல கூடிருச்சு அக்கா," என்றார்.

கார்மென் ஆறு சனிக்கிழமையும் எட்டு மணிக்கே வந்தார். மறு தேர்வில் எழுபத்தொன்று. இம்முறை கேக்கை முடிவு வந்த பிறகே வாங்கினார், ஒரு துண்டை வகுப்புக்கும் கொண்டுவந்தார்.

தேவனுக்கு நேர்முகம் கிடைத்தது. ஆலை மேலாளர் ஒரு தாளை நீட்டி, வருடாந்தர நிறுத்தத்துக்குப் போட்ட திட்டம் இது, பதினான்கு நாள், ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டாராம். தேவன் பேனா கேட்டு வாங்கியிருக்கிறார். பாய்லர் ஆறுவதற்கான இரண்டு நாளை நடுவில் எழுதி, முன்னால் போய், பின்னால் வந்து, பதினாறு என்று வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். கூடவே, குழாய் சுத்தம் செய்யும் ஆட்களுக்கு மூன்று நாள் ஃப்ளோட் இருக்கிறது, அவர்களைப் பாய்லர் வேலைக்கு மாற்றினால் ஒரு நாளைத் திரும்பப் பிடிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் அவர் ஆலையின் வாசலில் நின்றபடியே தொலைபேசியில் அகதாவிடம் ஒரே மூச்சில் சொன்னார். பின்னால் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன.

"அப்புறம்? என்ன சொன்னாங்க? வேல குடுத்தாங்களா இல்லியா அண்ணே?" அகதா சிலிபின் அலுவலகத்தில், மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்து நின்று கத்தினார்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து, டீச்சர்!"